வாட்ச் காட்டும் 5, கிலோமீட்டரா மைலா?

முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில் வலி என்று ஓடுபவர்கள் வருவது தஞ்சாவூரில் இயன்முறை சிகிச்சை பார்க்கும் எனக்குப் புதிதில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உடம்பு பழகுவதற்கு முன்பே ஓட்டத்தை ஏற்றியிருப்பார்கள். அதனால் "போன மாதம் எவ்வளவு ஓடினீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி.

நாற்பதுகளில் இருக்கும் ஒரு ஆசிரியர், திருவையாறு பக்கம். கல்லணைக் கால்வாய்க் கரையில் காலையில் ஓடுகிறவர். "கூட்டவே இல்லைங்க டாக்டர். நீங்க சொன்ன அதே அஞ்சு கிலோமீட்டர், வாரம் மூணு நாள். இன்னும் சொல்லப்போனா ரொம்ப மெதுவாத்தான் ஓடுறேன். முதல் நாள் ஒரு கிலோமீட்டருக்குப் பதினொன்னே கால் நிமிஷம் காட்டுச்சு. எங்க அம்மாவே அதைவிட வேகமா நடப்பாங்க. அதான் கொஞ்சம் வேகத்தை ஏத்தினேன்."

பதினொன்றே கால் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. கிலோமீட்டருக்கு 11 நிமிடம் 15 வினாடி என்றால் மணிக்கு 5.3 கிலோமீட்டர்தான், அது நல்ல நடை, ஓட்டமே இல்லை. அவரோ மூச்சு வாங்க ஓடியதாகச் சொல்கிறார். கையை நீட்டச் சொல்லி வாட்சைப் பார்த்தேன். அமெரிக்காவில் இருக்கும் தம்பி வாங்கி, அங்கேயே தயார்செய்து கொடுத்துவிட்டது. வேக எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் `/mi` என்று இருந்தது, அதாவது மைலுக்கு.

கணக்கு இதுதான். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். நான் அவருக்குச் சொன்னது கிலோமீட்டருக்கு 7 நிமிடம். அதையே மைலுக்கு மாற்றினால் 11 நிமிடம் 16 வினாடி. அதாவது முதல் நாள் அவர் ஓடியது நான் சொன்ன வேகத்தில்தான். அதை மெதுவென்று நினைத்து 9:30 வரை கொண்டு வந்திருக்கிறார். மைலுக்கு 9:30 என்பது கிலோமீட்டருக்கு 5:54. தூரமும் அப்படியே. வாட்சில் 5.00 வரும்வரை ஓடியது 8 கிலோமீட்டர். வாரத்துக்கு 15 என்று நான் போட்டது 24 ஆகிவிட்டது, அதுவும் வேகம் கூடி. அந்த எலும்பு வலிக்காமல் என்ன செய்யும்?

இது எப்படிக் கண்ணுக்குத் தப்புகிறது என்றால், ஒரே திரையில் மூன்று நான்கு எண்களை வைத்தால் பல வாட்சுகளில் அலகு மிகச் சிறியதாகிவிடும், சிலவற்றில் தெரியவே தெரியாது. வெறும் `Pace` என்ற தலைப்பும் எண்ணும்தான். ஓடுகிறபோது யார் அதைக் கூர்ந்து பார்ப்பார்கள்?

வாட்ச் எந்த அலகில் காட்டுகிறது என்று கண்டுபிடிக்க அமைப்புகளைத் திறக்கக்கூட வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலையில் பச்சைத் தலை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை நடந்தால் வாட்ச் 1.00-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.62 காட்டினால் மைல். ஜிபிஎஸ் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கல்லும் ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்திருக்கும், ஆனால் 0.62-ஐயும் 1-ஐயும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. சாலையோரம் நடக்கப் பயமென்றால் மைதானத்தில் 400 மீட்டர் பாதையில், உள்வரிசையில், ஒரு சுற்று வாருங்கள். 0.40 கிலோமீட்டர், 0.25 மைல்.

மாற்றுவது எளிது, ஆனால் இடம் மாடலுக்கு மாடல் மாறும். கார்மின் வாட்சுகள் பலவற்றில் `Settings > System > Format > Units`. ஆப்பிள் வாட்சில் `Settings > Workout > Units of Measure`. ஓட்டங்களைச் சேமித்துக் காட்டும் செயலிகளுக்கு அதனதன் அலகு அமைப்பு தனியாக இருக்கும். அதனால் போனில் கிலோமீட்டரும் கையில் மைலுமாக இருப்பது சகஜம். இரண்டையும் பாருங்கள்.

ஆசிரியருக்கு வந்த பயம் வேறு. "மாத்தினா பழைய ஓட்டமெல்லாம் அழிஞ்சிடுமா?" அழியாது. பொதுவாக வாட்ச் உள்ளே தூரத்தை மீட்டரில்தான் எழுதி வைக்கும். மைலும் கிலோமீட்டரும் காட்டும்போது போடும் கணக்கு மட்டுமே. மாற்றியவுடன் பழைய ஓட்டங்களும் கிலோமீட்டரில் தெரியும். ஒன்று மட்டும் மாறாது: ஓட்டத்தை வாட்ச் தானாகத் துண்டு போட்டு வைத்த லேப்புகள். மைலுக்கு ஒரு லேப் விழுந்திருந்தால் இப்போது ஒவ்வொன்றும் 1.61 கிலோமீட்டர் என்று இருக்கும். அவருடைய பதிவில் அந்த 1.61 வரிசையாக நின்றதைப் பார்த்துத்தான் எத்தனை நாளாக இது நடந்தது என்று எனக்குத் தெரிந்தது.

அலகை மாற்றிய கையோடு `Auto Lap` தூரத்தையும், வேக எச்சரிக்கை வைத்திருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இந்த இரண்டும் நீங்கள் நினைத்தபடி மாறியிருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

இனி இன்னொரு குழப்பம். `Pace` என்பது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம். `Speed` என்பது மணிக்கு எத்தனை கிலோமீட்டர். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஓடுகிறவர்களுக்கு முதலாவது வசதி, மிதிவண்டிக்கு இரண்டாவது. பல கார்மின் வாட்சுகளில் அதே `Format` பகுதியில் ஓட்டத்துக்கு எது, மிதிவண்டிக்கு எது என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் காயத்துக்குப் பிறகு நடையும் ஓட்டமுமாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் மணி வேகத்தைத்தான் வைக்கச் சொல்கிறேன். நிமிடக் கணக்கு மெதுவான பக்கத்தில் ரொம்ப ஆட்டம் காட்டும். மணிக்கு 5-இலிருந்து 6 கிலோமீட்டர் ஆனால் 12:00 என்பது 10:00 ஆகிவிடும், முழு இரண்டு நிமிடம். அதே ஒரு கிலோமீட்டர் வேகம் 10-இலிருந்து 11-க்குக் கூடும்போது 6:00 என்பது 5:27, வெறும் 33 வினாடி. கால் செய்த மாற்றம் ஒரே அளவு. திரையில் மட்டும் ஒன்று பெரிய முன்னேற்றம்போலவும் மற்றது ஒன்றுமில்லாததுபோலவும் தெரியும். மதகுப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கினால் நிமிடக் கணக்கு எங்கோ போய்விடும் அல்லது கோடாக நிற்கும். மணி வேகம் பூஜ்ஜியம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

சராசரியிலும் இது வரும். ஐந்து நிமிடம் மணிக்கு 6-இல் நடை, ஐந்து நிமிடம் 10-இல் ஓட்டம் என்று வையுங்கள். நிமிடக் கணக்கில் அவை 10:00, 6:00. நடுவே 8:00 என்று மனக்கணக்கு சொல்லும். வாட்ச் காட்டுவது 7:30. தூரம் 1.33 கிலோமீட்டர், நேரம் பத்து நிமிடம், வகுத்துப் பாருங்கள். வாட்சில் கோளாறு இல்லை. நிமிடக் கணக்கை அப்படி நேராகக் கூட்டி இரண்டால் வகுக்க முடியாது. மணி வேகத்தில் 6-க்கும் 10-க்கும் நடுவே 8 என்று சரியாகவே வரும், இரண்டுக்கும் ஒரே நேரம் செலவழித்திருந்தால்.

ஆசிரியரின் வலி ஒரு புள்ளியில் இல்லாமல் எலும்பின் ஓரமாகப் பரவியிருந்தது. விரல்நுனி அளவு ஒரே இடத்தில் வலித்து, இரவிலும் விடாமல் இருந்தால் எலும்பில் கீறல் இருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். இவருக்கு அது தேவைப்படவில்லை. சில வாரம் நடை மட்டும் கொடுத்து, வலி அடங்கியதும் 3 கிலோமீட்டரில் மறுபடி தொடங்கினோம், மணி வேகம் 8 என்று வைத்து. மழை நாளில் உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லில் ஓடலாமா என்று கேட்டார். ஓடலாம், ஆனால் ஏறியதும் முதலில் அதன் திரையில் `km/h` இருக்கிறதா `mph` இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். மைல் கணக்கு இயந்திரத்தில் 8 என்று அழுத்தினால் காலுக்கு அது மணிக்கு 12.9 கிலோமீட்டர்.