சளி கொடுத்து ஒரு மாதம் ஆகியும் ரிசல்ட் வரவில்லையா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இனிப்பு நீர் உள்ளவர். மூன்று வாரமாக இருமல், ராத்திரியில் வேர்வை. காசநோயோ என்று சந்தேகப்பட்டு அரசாங்க கிளினிக்கில் திங்கட்கிழமை சளி வாங்குகிறார்கள். வியாழக்கிழமை போய், "ரிசல்ட் வந்துவிட்டதா?" என்று கேட்கிறார். "வந்துவிட்டது, நெகட்டிவ்" என்று பதில் வருகிறது. நோய் இல்லை என்று நம்பி அவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்.

கவுண்டரில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கொடுத்த சளிக்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. வந்தது முதலாவது மட்டும்.

முதலாவது மைக்ராஸ்கோப் பரிசோதனை. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, கிருமி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். நோய் ஆரம்பத்தில் அவ்வளவு இருக்காமல் போகலாம். அதனால் இங்கே 'நெகட்டிவ்' என்றால் கிருமி கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள்.

இரண்டாவது கல்ச்சர். சளியில் உள்ள மற்ற கிருமிகளை மருந்து போட்டு அழித்துவிட்டு, மிச்சத்தைச் சத்துள்ள ஊடகத்தில் வைத்து வளர்ப்பார்கள். நூறுக்கும் குறைவான கிருமிகள் இருந்தாலும் இதில் வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேலை எல்லா கிளினிக்கிலும் நடக்காது. சளி பெரிய ஆய்வகத்துக்குப் போகும். சுங்கை பூலோவில் இருக்கும் தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகம் அப்படிப்பட்ட ஒன்று.

தாமதம் அந்தப் பயணத்தால் மட்டும் வருவதில்லை. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ-கோலை கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகிவிடும், அதனால் அதன் கல்ச்சர் சில நாளில் வந்துவிடுகிறது. காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்கே 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல ஆய்வகமாக இருந்தாலும் அதை அவசரப்படுத்த முடியாது. முட்டை கலந்த திட ஊடகத்தில் வைத்தால் வாராவாரம் பார்த்து, 8 வாரம் வரை எதுவும் முளைக்காவிட்டால்தான் 'நெகட்டிவ்' என்று எழுதுவார்கள். திரவ ஊடகத்தில் அந்தக் கெடு 42 நாள். கிருமி இருந்தால் பல சமயம் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். ஆக, ஐந்தாவது வாரத்தில் "இன்னும் வரவில்லை" என்று சொன்னால் கவலைப்பட வேண்டாம். "இதுவரை வளரவில்லை" என்றாலும் அது இறுதி முடிவில்லை.

சில இடங்களில் கிருமியின் மரபணுவைத் தேடும் இயந்திரப் பரிசோதனையும் செய்வார்கள். அது இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை. அதில் எதுவும் தெரியாவிட்டாலும் கல்ச்சருக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

நம்மவர் வியாழக்கிழமை என்ன கேட்டிருக்க வேண்டும்? சளி கொடுத்த தேதியையும் ஐசியையும் காட்டி, பரிசோதனையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "திங்கட்கிழமை கொடுத்த சளிதான் மிசி. இது மைக்ராஸ்கோப் முடிவா, கல்ச்சரா? கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறீர்களா? எப்போது வந்து கேட்கலாம்?" கவுண்டரில் மலாய் பேசுகிறவர் இருந்தால், "கெப்புத்துசான் கல்ச்சர் கஹாக் சாயா சுடா சம்பாய்?" என்றால் போதும். கிடைத்த பதிலை அப்பாயின்மென்ட் கார்டின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மிசி இருந்தாலும் அங்கிருந்து தொடரலாம்.

எந்தத் தாமதத்தைச் சும்மா விடக்கூடாது? மைக்ராஸ்கோப் முடிவு ஒரு வாரம் தாண்டியும் வரவில்லையென்றால் சளி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். கல்ச்சர் பத்து வாரம் தாண்டிவிட்டால் ஆய்வகத்தில் பதிவான எண் என்ன என்று விசாரிக்கச் சொல்லுங்கள். சளிக்குப் பதில் வெறும் எச்சில் போயிருக்கலாம், டப்பா கசிந்திருக்கலாம், வெயிலில் கிடந்து வேறு கிருமி வளர்ந்து மாதிரி கெட்டுப்போயிருக்கலாம். கெட்டுப்போன மாதிரியால் நோய் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. மறுபடி கொடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுப்பது நல்லது.

இதற்கிடையில் சளியில் ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடம்பு இளைத்துக்கொண்டே போனாலோ ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் டாக்டரைப் போய்ப் பாருங்கள். எக்ஸ்ரேயையும் அறிகுறிகளையும் வைத்தே டாக்டர் மருந்தைத் தொடங்கலாம். கல்ச்சரில் கிருமி வளர்ந்துவிட்டால், எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு இன்னும் சில வாரம் ஆகும். மருந்து எடுக்கத் தொடங்கிவிட்டாலும் அந்த முடிவை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் மருந்தை மாற்ற வேண்டியிருந்தால் அதிலிருந்துதான் தெரியவரும்.