எல்.சி. கையில் இருந்தும் வங்கி ஏன் பணம் தர மறுக்கிறது?

"எல்.சி. வந்துருச்சுண்ணே, இனிமே பணத்துக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போன ஒரு தம்பி, இரண்டு மாதம் கழித்து கண் சிவக்க என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கரூரில் படுக்கை விரிப்பு நெய்து அனுப்பும் சின்ன யூனிட். துபாய் பார்ட்டிக்கு 12,000 விரிப்பு, ஒன்று 4 டாலர், ஆக 48,000 டாலர். சரக்கில் ஒரு நூல் பிசகு இல்லை. ஆனாலும் வங்கி பணம் தரவில்லை. ஏற்றுமதி டாக்குமென்ட் வேலையிலேயே காலம் தள்ளும் எனக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு முறையும் வயிறு எரிவது மட்டும் குறையவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எல்.சி. என்பது லெட்டர் ஆஃப் கிரெடிட், கேட்ட காகிதங்களைச் சரியாகக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதி. அதைக் கொடுத்த வங்கி உங்கள் சரக்கைப் பார்க்காது, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். எல்.சி.யில் கேட்டது காகிதத்தில் இருந்தால் பணம், இல்லையென்றால் இல்லை. உலகம் முழுவதும் இதற்கான விதித்தொகுப்பு யூ.சி.பி. 600. 2007 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது.

"வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்ற வாதம் வங்கியிடம் எடுபடாது. மெட்ராஸிலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹஸுக்குப் போன நிலக்கடலை வழக்கு ஒன்று உண்டு. எல்.சி.யில் 'கோரமண்டல் நிலக்கடலை' என்று இருந்தது. கப்பல் ரசீதில், அதாவது பி.எல்.லில், 'இயந்திரத்தில் தோலுரித்த கடலைப்பருப்பு' என்று எழுதிவிட்டார்கள். கடலை வியாபாரிகளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஹாம்ப்ரோஸ் வங்கி பணம் தர மறுத்தது. 1943இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலிலும் புழங்கும் சொல் வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி வங்கியின் பக்கம் நின்றது. இன்றைய விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. பி.எல்., பேக்கிங் லிஸ்ட் போன்றவற்றில் சரக்கின் பெயரைப் பொதுவாக எழுதலாம், எல்.சி.யோடு முரண்படாமல் இருந்தால் போதும். இன்வாய்ஸுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அதில் சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போயே தீர வேண்டும்.

கரூர் தம்பி விழுந்தது இங்கேதான். எல்.சி.யில் சரக்கு விவரம் வரும் 45A பகுதியில் `COTTON BED SHEETS` என்று இருந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் பழைய இன்வாய்ஸ் ஒன்று இருந்தது. அதைக் காப்பி எடுத்துத் தொகையை மட்டும் மாற்றினார்கள். அதில் `COTTON BED LINEN` என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. லினன் என்றால் தலையணை உறையும் சேரும், விரிப்பு மட்டும் ஆகாது. வங்கி சொன்ன முதல் காரணம் இது.

இரண்டாவது காரணத்தைக் கேட்டால் உங்களுக்கே மனசு கஷ்டப்படும். முதல் ஆர்டர் என்று ஆசையாக 60 விரிப்பை இலவசமாகச் சேர்த்து அனுப்பியிருந்தார். இன்வாய்ஸில் நேர்மையாக 'விலை இல்லை' என்றும் எழுதியிருந்தார். எல்.சி. கேட்காத சரக்கை இன்வாய்ஸில் காட்டக் கூடாது, இலவசம் என்று போட்டாலும் கூடாது. "அளவில் 5 சதவீதம் கூடலாம் குறையலாம்னு விதி இருக்கே" என்று பலர் சொல்வார்கள். எடைக்கணக்கு, மீட்டர்கணக்கு என்றால் சரி. எல்.சி.யில் இத்தனை பீஸ், இத்தனை பெட்டி என்று எண்ணிக்கை போட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

எல்லாப் பிழைக்கும் வங்கி மறுக்க முடியாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். `MACHINE` என்பது `MASHINE` என்று அச்சாகிவிட்டால் பொருள் மாறவில்லை, அதைக் காட்டி மறுக்கக் கூடாது. மாடல் எண் 321 என்பது 123 ஆகிவிட்டால் அது வேறு பொருள். எழுத்து தவறினால் பெரும்பாலும் தப்பிக்கலாம், எண் தவறினால் பிழைப்பில்லை.

இவ்வளவும் நடந்த பிறகும் அந்தப் பணத்தைக் காப்பாற்றியிருக்கலாம். இன்வாய்ஸ் அவரே அடிக்கும் காகிதம், திருத்திய இன்வாய்ஸை மறுபடி வைக்கலாம். ஆனால் அது கெடுவுக்குள் நடக்க வேண்டும். பொதுவிதி, சரக்கு கப்பலேறிய நாளிலிருந்து 21 நாள். எல்.சி.யின் 48ஆம் பகுதியில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதுதான் செல்லும். இவருக்கு 10 நாள். சரக்கைக் கப்பலேற்றும் ஏஜென்டான ஃபார்வர்டரிடமிருந்து பி.எல். வாங்கி, சான்றிதழ்களுக்கு அலைந்து, வங்கியில் கொடுத்தது 9ஆம் நாள். துபாயிலிருந்து மறுப்பு வந்தபோது கெடு முடிந்து பல நாள் ஆகிவிட்டது.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். இங்கே கவுண்ட்டரில், "நாங்க அனுப்பிட்டோம் சார், முடிவு அந்த பேங்க்தான்" என்றார்கள். அந்த வங்கிக்கு மெயில் போட்டால், "உங்கள் வங்கி மூலமாக வாருங்கள்" என்று பதில். சரக்கு வாங்குபவரோ வாட்ஸ்அப்பில் "நோ ப்ராப்ளம்" என்கிறார். அந்த வாட்ஸ்அப் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. பிழையைப் பொறுத்துக்கொள்வதாக அவர் தன் வங்கியிடம் சொல்ல வேண்டும், வங்கியும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொல்லவில்லை. துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கன்டெய்னருக்கு வாடகை ஏறத் தொடங்கிய பிறகு, "12 சதவீதம் குறைத்தால் எடுக்கிறேன்" என்றார். 5,760 டாலர் போனது. பிழைக் கட்டணம் என்று வங்கி பிடித்தது தனி.

இந்த நிலையில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது மறுப்புச் செய்தியின் நகல். MT734 என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக "டிஸ்க்ரிபன்ஸி சார்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். வங்கிக்கும் கட்டு உண்டு. காகிதம் கைக்கு வந்த நாளுக்கு அடுத்த ஐந்து வங்கி வேலை நாளுக்குள் மறுப்பைச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பிழைகளையும் ஒரே செய்தியில் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று சேர்க்க முடியாது. காகிதங்களைத் தன்னிடம் வைத்திருக்கிறதா, திருப்பி அனுப்புகிறதா என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். செய்தியில் 77J பிழைப் பட்டியல், 77B காகிதங்களின் நிலை. கூரியர் சேர்ந்த தேதியையும் மறுப்பு வந்த தேதியையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும், பிழை இருக்கிறது என்று சொல்லும் உரிமையே அந்த வங்கிக்குப் போய்விடுகிறது. உங்கள் வங்கி இதை எழுத்தில் கேட்க வேண்டும். நீங்கள் நச்சரிக்காமல் அவர்கள் எழுதுவதில்லை.

வங்கியில் "அப்ரூவலுக்கு அனுப்பிடலாமா, கலெக்ஷன்ல போட்டுடலாமா" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். பிழையோடு அப்படி அனுப்பினால் வாங்குபவர் மனசு வைத்தால்தான் பணம். கெடுவுக்குள் திருத்த நாள் இருந்தால் திருத்திக் கொடுங்கள்.

எல்.சி. வந்த அன்றைக்கே, சரக்கு தறியில் இருக்கும்போதே, 31D பகுதியைப் பாருங்கள். காலாவதி ஆகும் இடம் வெளிநாடு என்று இருந்தால், அந்தத் தேதிக்குள் காகிதம் அந்த ஊரில் சேர்ந்திருக்க வேண்டும், கூரியர் நாளும் உங்கள் கணக்கில்தான். என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்லும் 46A, கூடுதல் நிபந்தனைகள் வரும் 47A இரண்டையும் வரி வரியாகப் படித்து, உங்களால் வாங்க முடியாத காகிதம் எதையாவது கேட்டிருந்தால் அப்போதே திருத்தம் கேளுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாங்குபவர் சொன்னால், திருத்தம் வங்கி வழியாகக் கைக்கு வரும்வரை கன்டெய்னரை ஏற்றாதீர்கள். இன்வாய்ஸ் அடிக்கும்போது பழைய ஃபைலைத் திறக்காமல், 45Aஇல் உள்ள வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துப் போடுங்கள்.