வீட்டுக்கடன் வட்டி மானியம்: மண்டபத்தில் கிடைப்பது உச்சிப்புளியில் ஏன் சிக்கலாகிறது?

எங்கள் இ-சேவை மையத்துக்கு வந்து “வீட்டுக்கடனுக்கு ரெண்டே முக்கால் லட்சம் மானியமாமே” என்று கேட்காதவர்கள் குறைவு. அது பழைய திட்டம். 2.67 லட்சம் வரை தந்த அந்த வட்டி மானியம் 2022 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இல் உள்ள வட்டி மானியப் பிரிவு. 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதிக்கப்பட்டு, பணமும் கொடுக்கப்பட்ட கடன்களுக்குத்தான் இது பொருந்தும். அதிகபட்சமாகக் கிடைப்பது 1.80 லட்சம் ரூபாய். அதுவும் ஒரே தடவையில் வராது, ஐந்து வருடத் தவணைகளாக வரும்.

கணக்கு இப்படி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கடன் எவ்வளவு வாங்கினாலும் அதில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 12 வருடம் வரையிலான காலத்துக்கு, 4 சதவீத வட்டி மானியம் கணக்கிடப்படும். கடன் 8 லட்சத்துக்குக் குறைவாகவோ காலம் 12 வருடத்துக்குக் குறைவாகவோ இருந்தால் மானியமும் அதற்கேற்பக் குறையும்.

நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் முதலில் பார்க்க வேண்டியது வருமானத்தை அல்ல, மனை எந்த எல்லையில் இருக்கிறது என்பதை. இது நகர்ப்புறத் திட்டம். ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளுக்கும் மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். உச்சிப்புளி கிராம ஊராட்சிப் பகுதி. பஸ்ஸில் போனால் ஒரே ஊர் நீண்டுகொண்டே போவதுபோல்தான் இருக்கும், ஆனால் திட்டத்தின் கண்ணுக்கு வேறு. நகரத்தை ஒட்டிய சில கிராமங்கள் நகரமைப்புத் திட்டப் பகுதிக்குள் அறிவிக்கப்பட்டிருந்தால் அவையும் சேரும். அதைத் தரகரிடம் கேட்காமல், நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கட்டிய வீடு வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். மேலே பேரூராட்சி பெயர் போட்டுச் சொத்து வரி என்று இருக்கிறதா, ஊராட்சி பெயர் போட்டு வீட்டு வரி என்று இருக்கிறதா என்பதே பெரும்பாலும் பதிலைச் சொல்லிவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது “சொந்த வீடு இல்லை” என்ற நிபந்தனை. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். இவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கல்யாணமாகி வாடகைக்கு இருக்கும் மகனுக்கு அப்பாவின் வீடு தடையில்லை, அது அப்பா பெயரிலேயே இருக்கும்வரை. அப்பா இறந்து, பட்டாவில் அண்ணன் தம்பிகளோடு உங்கள் பெயரும் ஏறியிருந்தால் அந்தப் பங்கைப் பற்றி வங்கியில் முதலிலேயே பேசிவிடுங்கள், மறைத்து எழுத வேண்டாம்.

கடந்த 20 வருடத்தில் மத்திய, மாநில அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருக்கவும் கூடாது. தொகுப்பு வீடு, பசுமை வீடு எல்லாம் இதில் அடக்கம். “அதெல்லாம் இடிஞ்சு போச்சு தம்பி” என்று ஒரு அக்கா சொன்னார். வீடு இடிந்தாலும், 20 வருடத்துக்குள் பயன் பெற்றது பெற்றதுதான்.

சரி, ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மண்டபத்தில் வாடகைக்கு இருக்கும் படகு இன்ஜின் மெக்கானிக். மனைவி கருவாடு வியாபாரம். இருவர் வருமானமும் சேர்த்து ஆண்டுக்கு 3.6 லட்சம். பேரூராட்சிக்குள் 18 லட்சத்துக்கு ஒரு வீடு. கையில் 6 லட்சம் இருக்கிறது, 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 15 வருடம். மாதத் தவணை சுமார் 12,170 ரூபாய் வரும். மானியம் முழு அளவில், அதாவது வருடத்துக்கு 36,000 ரூபாய், கடன் கணக்கில் வரவாகிறது என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட மூன்று மாதத் தவணை. கையில் பணமாக வராது, அசல் குறையும்.

இவர்கள் செய்ய வேண்டியது: வங்கியில் கடன் பேசும்போதே, இந்த வட்டி மானியத்தில் அந்த வங்கி சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். சேராத நிறுவனத்தில் கடன் வாங்கினால் வட்டி குறைவாக இருந்தாலும் மானியம் இல்லை. அப்புறம் pmay-urban.gov.in தளத்தில் ஆதார் எண் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பல பிரிவுகள் வரும். சொந்த மனையில் வீடு கட்டக் கொடுக்கும் மானியம் வேறு, வட்டி மானியம் வேறு. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான பிரிவில் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரும், தாசில்தார் தரும் வருமானச் சான்றும் வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். கிடைக்கும் விண்ணப்ப எண்ணை வங்கிக் கிளையில் கொடுத்தால், அவர்கள் சரிபார்த்து மானியம் கோரி மேலே அனுப்புவார்கள்.

கடற்கரைக்கு அருகில் என்றால் இன்னொன்று. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் இடத்துக்கு அந்த அனுமதியும் கட்டட வரைபட அனுமதியும் இல்லாமல் வங்கி கடனே தராது. கடன் இல்லையென்றால் வட்டி மானியம் என்ற பேச்சே இல்லை.

பலர் கவனிக்காமல் பணத்தை இழக்கும் இடம் ஒன்று உண்டு. மானியத்தின் ஒவ்வொரு வருடத் தவணை வரும்போதும் கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். அந்த மெக்கானிக் மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியபின், மானியத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் பாக்கி சுமார் 10.7 லட்சம். அப்போது வளைகுடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய 5 லட்சத்தை மொத்தமாகக் கட்டினால் பாக்கி 5.7 லட்சம் ஆகிவிடும். 12 லட்சத்தில் பாதி 6 லட்சம். அவ்வளவுதான், மீதி மானியத் தவணைகள் போய்விடும். மொத்தமாகக் கட்டுவது தப்பில்லை. மிச்சமாகும் வட்டியையும் இழக்கும் மானியத்தையும் வங்கியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இதே காரணத்தால் ஏழு வருடக் கடனும் இடறும். 9 சதவீத வட்டியில் அது நான்கு வருடம் முடியும்போதே ஏறக்குறைய பாதியைத் தொட்டுவிடும்.

தவணை தவறி கணக்கு வாராக்கடனாகிவிட்டாலும் மானியம் சிக்கலில் மாட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத இரண்டு மாதத்துக்கான தவணையை முன்கூட்டியே கணக்கில் ஒதுக்கி வைப்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அவசியம்.

வருடத்துக்கு ஒருமுறை கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி, மானிய வரவு தனி வரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் விண்ணப்ப எண்ணோடு கிளைக்குப் போய், எந்த நிலையில் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.