கராத்தே டிரெஸ்: முதலில் துவைத்துவிட்டு அப்புறம் தைக்கக் கொடுங்கள்

வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, "மாஸ்டர், இவனுக்கு எந்த சைஸ் வாங்குறது?" என்றுதான். உயரத்தைச் சொன்னால் சைஸ் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார்கள். உயரம் மட்டும் போதாது. உடல் எடை, துணி எது, அதை வீட்டில் எப்படித் துவைப்பார்கள் என்பதும் தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும்.

பல கம்பெனிகளின் அட்டவணை உயரத்தை வைத்துத்தான் இருக்கும். 000 என்றால் 110 செ.மீ., 00 என்றால் 120, 0 என்றால் 130, அப்படியே பத்துப் பத்தாகக் கூடி 3 என்றால் 160, 4 என்றால் 170. நம்மூர்க் கடைகள் சிலவற்றில் சட்டைக்குப் போல 32, 34 என்றும் எழுதியிருப்பார்கள். ஒரு கம்பெனியின் 3 இன்னொரு கம்பெனியின் 3 மாதிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம். லேபிளில் உள்ள எண்ணைவிட, டிரெஸ்ஸை மேஜையில் விரித்து இன்ச் டேப் வைத்து எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது.

சுருங்குவதைப் பற்றி ஒன்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அந்த இழுவை விட்டு, நூல் பழையபடி சுருங்கும். அதனால் துணி நீளவாக்கில் அதிகமாகவும் அகலவாக்கில் குறைவாகவும் சுருங்கும். பேன்ட்டை நீளவாக்கில்தான் வெட்டுகிறார்கள், ஆகவே முதலில் குட்டையாகத் தெரிவது பேன்ட்தான். பாலியெஸ்டர் கலந்த மெல்லிய டிரெஸ் பெரிதாகச் சுருங்காது, ஆரம்ப நிலைப் பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள். முழுப் பருத்தியில் வரும் தடித்த கான்வாஸ்தான் ஏமாற்றும். முன்பே சுருக்கி விற்கும் துணியும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். தெரியாத கான்வாஸ் என்றால் நீளத்தில் 5 சதவீதம், அகலத்தில் 3 சதவீதம் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். வெந்நீரில் ஊறவைப்பது, சூடான டிரையரில் போடுவது என்றால் இதைவிட அதிகமாகவே போகும்.

ஒரு பையனின் கணக்கைச் சொல்கிறேன். உயரம் 152 செ.மீ., எடை 58 கிலோ. அட்டவணைப்படி அவனுக்கு 150 சைஸ். உயரத்துக்கு எடை கூட, மார்புச் சுற்று 88 செ.மீ. பையனை நிற்க வைத்து இன்னும் இரண்டு அளவு எடுத்தோம். இடுப்பில் நாடா கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் எலும்பு வரை 85 செ.மீ. கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, முதுகின் நடுவிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 60 செ.மீ.

அவன் எடுக்க நினைத்தது முழுப் பருத்தி கான்வாஸ். 150 சைஸ் சட்டையை முன்பக்கம் மடித்து விரித்தால் அக்குளிலிருந்து அக்குள் வரை 50 செ.மீ., சுற்றிலும் 100. துவைத்தால் 97 ஆகும். மார்பு 88 போக மிஞ்சுவது 9 செ.மீ. மட்டுமே. நான் குறைந்தது 15 செ.மீ. தளர்வு பார்ப்பேன். அது இல்லாவிட்டால் உதை விடும்போது முன்மடிப்பு விலகி, பக்கவாட்டுப் பிளவு விரிந்து, சட்டை பெல்ட்டிலிருந்து வெளியே வந்துவிடும். 160 சைஸில் அகலம் 54, சுற்று 108, துவைத்த பிறகு சுமார் 105. தளர்வு 17. சரி, சட்டை 160 தான்.

இனி நீளம். 160 சைஸ் பேன்ட் 92 செ.மீ., 5 சதவீதம் போனால் ஏறக்குறைய 87.5. அவனுக்கு வேண்டியது 85, ஆக இரண்டரை செ.மீ. மிச்சம். சட்டைக் கை 64 செ.மீ., துவைத்தால் 61 அளவுக்கு வரும், ஒரு செ.மீ. மிச்சம். இரண்டும் ஓரம் மடித்துத் தைத்தால் தீரும் விஷயம். உயரத்தை மட்டும் பார்த்து 150 வாங்கியிருந்தால், குறைந்துபோன அகலத்தைத் தையல்காரரால் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். டிரெஸ் வந்த அன்றே போட்டுப் பார்த்து, நீளமாக இருக்கிறதே என்று தையல்கடைக்குக் கொண்டுபோவார்கள். இந்தப் பையனின் 92 செ.மீ. பேன்ட்டை அன்றே 85-க்கு வெட்டித் தைத்திருந்தால், துவைத்ததும் ஏறக்குறைய 81 செ.மீ.தான் நிற்கும். ஆகவே இரண்டு மூன்று முறை பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போட்டு, அதன் பிறகு கொடுங்கள். பேன்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் சரியாக 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு நூல் தையல் போட்டு வையுங்கள். துவைத்த பிறகு அந்த இடைவெளி 47.5 என்று வந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அடுத்த முறை துவைத்தும் அளவு மாறவில்லை என்றால் தைக்கலாம்.

உலக கராத்தே சம்மேளனத்தின் விதியில் சட்டைக் கை மணிக்கட்டு மடிப்பைத் தாண்டக் கூடாது, முன்கையில் பாதிக்குக் குறையவும் கூடாது. பேன்ட் முழங்காலுக்குக் கீழ் மூன்றில் இரண்டு பங்கையாவது மூட வேண்டும், கணுக்கால் எலும்புக்குக் கீழே போகக் கூடாது. கையையோ காலையோ சுருட்டி விடவும் அனுமதி இல்லை. வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிச் சுருட்டிவிடுகிறவர்கள் போட்டி நாளில் மாட்டுவது இதில்தான். ஒரு சைஸ் பெரிது போதும்.

ஜூடோ என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். சட்டையின் மேல்பகுதி அரிசி மணி போன்ற தடித்த நெசவு, முழுப் பருத்தி என்றால் கராத்தே கான்வாஸைவிட அதிகமாகச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதோடு, கராத்தேயில் கை கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் விதிக்குள் வரும், ஜூடோவில் வராது. சர்வதேசப் போட்டிகளில் கையை முன்னால் நீட்டி நிற்கச் சொல்லிப் பார்ப்பார்கள், மணிக்கட்டு வரை மூடியிருக்க வேண்டும். எதிராளி பிடிக்க இடம் வேண்டும் என்பதால் கைப்பகுதியின் அகலத்தையும் அளப்பார்கள். சுருங்கிப்போன ஜூடோ சட்டை இந்தச் சோதனையில் தோற்கும். ஆகவே ஜூடோவுக்கு 5 சதவீதத்தோடு இன்னும் இரண்டு மூன்று சேர்த்து வைத்தே சைஸ் எடுக்கச் சொல்கிறேன்.

பெரிதாக வந்துவிட்டது, வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நான் வேண்டாம் என்பேன். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அகலம் குறைவது, ஆனால் சுருங்கப்போவது நீளம். ப்ளீச்சும் வேண்டாம், பருத்தி நூல் வலுவிழந்து தோள் தையல் ஓரத்தில் கிழியத் தொடங்கும்.

தையல்காரரிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுங்கள்: மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து அடிக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. வளரும். அடுத்த வருடம் அந்தத் தையலைப் பிரித்து இறக்கிவிடலாம். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், அதை எந்த நடுவரும் கேட்கமாட்டார்.