ஸ்கேலிங் லா: அளவேற்ற விதி

மொழி மாதிரிகளைப் பயிற்றுவிப்பவர்கள் ‘ஸ்கேலிங் லா’ என்று சொல்லும்போது ஒரு சூத்திரத்தைத்தான் குறிக்கிறார்கள். மாதிரியைப் பெரிதாக்கினால், பயிற்சித் தரவைக் கூட்டினால், அதன் பிழை எந்த வீதத்தில் குறையும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் சூத்திரம் அது. அடுத்து வரும் டோக்கனை, அதாவது சொல்லையோ சொல்லின் துண்டையோ, ஊகிப்பதில் மாதிரி எவ்வளவு தவறுகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. அதை ‘இழப்பு’ என்கிறோம். இழப்பு குறையக் குறைய மாதிரி தேறுகிறது என்று பொருள்.

‘ஸ்கேல்’ என்ற சொல் லத்தீன் மொழியின் ‘ஸ்காலா’விலிருந்து வந்தது. ஏணி, படிக்கட்டு என்பது அதன் பொருள். தராசைக் குறிக்கும் ‘ஸ்கேல்’ வேறு வேரிலிருந்து, பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அறிவியலில் இந்தச் சொல் கணினிக்கு வெகுகாலம் முன்பே புழங்கியது. விலங்கின் எடை கூடும்போது அதன் உடல் செலவிடும் ஆற்றல் எடையின் முக்கால் அடுக்காகக் கூடுகிறது என்று 1932இல் மாக்ஸ் கிளைபர் காட்டியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று பத்து மடங்கானால் இன்னொன்று எத்தனை மடங்காகும் என்று கேட்பதே அளவேற்றம் பற்றிய கேள்வி. விடை ஒரு நிலையான அடுக்காக அமைந்தால் அதை அடுக்கு விதி என்போம்.

நரம்பியல் வலையமைப்புகளில் இப்படி ஒரு ஒழுங்கு இருப்பதை 2017இல் பைடு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விரிவாக அளந்து காட்டினார்கள். 2020 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜாரெட் காப்லானும் உடன் ஆய்வாளர்களும் மொழி மாதிரிகளுக்கு அதையே செய்தார்கள். சொல் எல்லோர் வாயிலும் நிலைத்தது அப்போதுதான்.

தமிழில் ‘அளவிடல் விதி’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அளவிடல் என்றால் அளந்து பார்ப்பது, எனவே அது பொருந்தாது. ‘அளவேற்ற விதி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘விதி’ என்பதை மட்டும் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இது கோட்பாட்டிலிருந்து வருவிக்கப்பட்டதல்ல. பல சிறிய மாதிரிகளைப் பயிற்றுவித்து, கிடைத்த புள்ளிகளுக்குப் பொருந்தும் வளைகோட்டை வரைந்து பெறுவது. சோதனையை நடத்திய முறை மாறினால் அடுக்கும் மாறிவிடும். அது எவ்வளவு மாறலாம் என்பதைக் கீழே பார்ப்போம்.

இந்த விதி கைகொடுக்கும் முக்கியமான இடம் பட்ஜெட்டைப் பிரிப்பது. பயிற்சிக்கு ஆகும் மொத்தக் கணக்கீட்டை C என்றும், பயிற்சியில் மாதிரி திருத்திக்கொள்ளும் எண்களான அளவுருக்களின் எண்ணிக்கையை N என்றும், அது படிக்கும் டோக்கன்களின் எண்ணிக்கையை D என்றும் வைத்துக்கொள்வோம். தோராயமாக C = 6ND. ஒரு டோக்கனைப் படிக்கும்போது ஒவ்வோர் அளவுருவுக்கும் முன்னோக்கிய கணக்கில் 2 செயல்கள், பின்னோக்கிய கணக்கில் 4 செயல்கள் ஆகின்றன. அந்த 6 அப்படி வந்தது. C நம் கையில் உள்ள பணத்தாலும் நேரத்தாலும் தீர்மானமாகிவிடுகிறது. அப்புறம் மாதிரியைப் பெரிதாக்கினால் அது படிக்கும் டோக்கன் குறையும். அதிகம் படிக்கவைத்தால் மாதிரி சிறுக்கும். எந்தப் பிரிப்பில் இழப்பு மிகக் குறைவு என்பதுதான் கேள்வி.

2022 மார்ச்சில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஜோர்டான் ஹாஃப்மனும் குழுவினரும் நானூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பயிற்றுவித்து, இழப்பை இந்த வடிவத்தில் எழுதினார்கள்:

```
L = E + A / N^α + B / D^β
```

E என்பது எவ்வளவு பெரிய மாதிரியானாலும் குறைக்க முடியாத பகுதி, மொழியிலேயே உள்ள நிச்சயமின்மை. இரண்டாவது உறுப்பு மாதிரி சிறியதாக இருப்பதால் வரும் இழப்பு. மூன்றாவது போதிய அளவு படிக்காததால் வரும் இழப்பு. அவர்கள் தந்த மாறிலிகளை 2024இல் எபோக் ஏஐ குழு மறுபடி கணக்கிட்டு, பொருத்தம் சரியாக அமையவில்லை என்று காட்டித் திருத்தியது. திருத்திய மதிப்புகள்: E சுமார் 1.82, A 482, B 2085, α 0.348, β 0.366.

இதை வைத்து ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம்மிடம் 1.2 × 10^20 செயல்களுக்கான பட்ஜெட் இருக்கிறது என்போம். என்விடியாவின் A100 கணிப்பு அட்டை ஒன்று தன் உச்ச வேகத்தில் 40 சதவீதத்தை எட்டினால், அது ஒன்றே சுமார் 11 நாளில் செய்து முடிக்கும் வேலை இது.

முதலில் 100 கோடி அளவுருக்கள், 2,000 கோடி டோக்கன்கள். மாதிரி சிறியதாக இருப்பதால் வரும் இழப்பு 0.36, தரவு போதாமையால் வரும் இழப்பு 0.35. மொத்தம் 2.53. அதே பட்ஜெட்டில் மாதிரியை 400 கோடியாக்கினால் 500 கோடி டோக்கன்தான் படிக்கவைக்க முடியும். மாதிரியின் பங்கு 0.22ஆகக் குறைகிறது, ஆனால் தரவின் பங்கு 0.59ஆக ஏறிவிடுகிறது, மொத்தம் 2.63. எதிர்ப்பக்கம் போய் 25 கோடி அளவுருக்கள், 8,000 கோடி டோக்கன்கள் என்று வைத்தால் 0.58, 0.21 என்று பங்குகள் இடம்மாறி மொத்தம் 2.61. இருபுறமும் ஏறி நடுவில் தாழும் வளைகோடு கிடைக்கிறது. அதன் அடிப்புள்ளி அளவுரு ஒன்றுக்குச் சுமார் 20 டோக்கன் என்ற இடத்தில் இருக்கிறது. நான்கு மடங்கு தப்பினாலும் இழப்பு 0.1 அளவுதான் கூடுகிறது என்பதையும் கவனியுங்கள். அடிப்பகுதி தட்டையானது, 20 என்ற எண்ணை 18ஆகவோ 25ஆகவோ வைத்தாலும் பெரிய நஷ்டம் கிடையாது.

α, β இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பதால்தான் பட்ஜெட் கூடும்போது இரண்டையும் ஒரே வீதத்தில் கூட்ட வேண்டும் என்ற முடிவு வருகிறது. பட்ஜெட் 100 மடங்கானால் மாதிரி 10 மடங்கு, தரவு 10 மடங்கு, அதாவது இரண்டுக்கும் அடுக்கு 0.50. ஆனால் 2020இல் காப்லான் குழு சொன்னது வேறு. அவர்கள் கணக்கில் மாதிரி C^0.73 ஆகவும் தரவு C^0.27 ஆகவும் வளர வேண்டும். பட்ஜெட் 100 மடங்கானால் மாதிரி 29 மடங்கு, தரவு மூன்றரை மடங்குதான். அந்தக் காலத்து மாதிரிகள் மிகப் பெரியவையாகவும் குறைவாகப் படித்தவையாகவும் இருந்தது இந்தப் பார்வையோடு ஒத்துப்போகிறது. ஜிபிடி-3க்கு 17,500 கோடி அளவுருக்கள், 30,000 கோடி டோக்கன்கள். அளவுரு ஒன்றுக்கு இரண்டு டோக்கன்கூட இல்லை. டீப்மைண்டின் கோஃபர் 28,000 கோடி அளவுருக்களோடு அதே 30,000 கோடி டோக்கன்களைப் படித்தது. ஹாஃப்மன் குழு கோஃபருக்கு ஆன அதே கணக்கீட்டில், கோஃபரின் அளவில் நான்கில் ஒரு பங்காக, 7,000 கோடி அளவுருக்களோடு சின்சில்லாவை உருவாக்கி, 1.4 லட்சம் கோடி டோக்கன்களைப் படிக்கவைத்தது. பல பாடங்களில் கேள்வி கேட்கும் எம்எம்எல்யு தேர்வில் கோஃபர் 60 சதவீதம், சின்சில்லா 67.6 சதவீதம்.

திறமையான இரண்டு குழுக்களுக்கு எப்படி 0.73, 0.50 என்று இவ்வளவு தள்ளி விடை வந்தது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு படியிலும் அளவுருக்களை எவ்வளவு மாற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் கற்றல் வீதத்தை ஹாஃப்மன் குழு காரணம் காட்டியது. பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் கற்றல் வீதத்தைப் படிப்படியாகத் தணிக்கும்போது இழப்பு நன்றாக இறங்கும். ஒரு நீண்ட பயிற்சியைப் பாதியில் நிறுத்தி இழப்பைக் குறித்துக்கொண்டால், அந்த இறக்கம் நடந்திருக்காது. குறைந்த தரவில் பயின்ற மாதிரி உள்ளதைவிட மோசமாகத் தெரியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024இல் வந்த ஆய்வுகள் காரணத்தை வேறு இடங்களில் கண்டன. அவற்றில் ஒன்று அளவுருக்களை எண்ணும் முறை.

காப்லான் குழு N-ஐக் கணக்கிடும்போது சொற்தொகுதிக்கான அட்டவணையை விட்டுவிட்டது. ஜிபிடி-2இன் மிகச் சிறிய மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்தொகுதியில் 50,257 டோக்கன்கள், ஒவ்வொன்றுக்கும் 768 எண்கள். அந்த அட்டவணை மட்டுமே 3.9 கோடி அளவுருக்கள். மாதிரியின் மொத்தமே 12.4 கோடிதான், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஜிபிடி-3இல் அதே அட்டவணை ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆகவே அட்டவணையை விட்டுவிட்டு எண்ணினால் சிறிய மாதிரிகள் உள்ளதைவிடச் சிறியவையாகத் தெரிகின்றன, பெரியவை அப்படியே இருக்கின்றன. வளர்ச்சி செங்குத்தாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. இதோடு, சிறிய மாதிரிகளுக்கு, கற்றல் வீதத்தை மெல்ல உயர்த்தும் ஆரம்பச் சூடேற்றக் கட்டம் தேவைக்கு மேல் நீண்டிருந்ததும் அடுக்கை மேலே தள்ளியது. இவற்றையும், அளவுருக்களைத் திருத்தும் நிரலான உகப்பாக்கியின் அமைப்புகளை மாதிரி அளவுக்கேற்பச் சரிசெய்யாததையும் ஒவ்வொன்றாகத் திருத்தியபோது 0.73 இறங்கி 0.50 அருகே வந்து நின்றது. கற்றல் வீதத்தைத் தணிப்பது இதில் இன்றியமையாததாக இருக்கவில்லை.

சொந்தமாக இப்படி ஒரு விதியைப் பொருத்த நினைப்பவர்கள் இதிலிருந்து செய்ய வேண்டிய சோதனைகள் தெரிந்துவிடும். கணக்கீட்டையும் அளவுருக்களையும் எதையும் விடாமல் எண்ணுங்கள். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் குறைந்தது ஐந்தாறு அளவுகளில் மாதிரிகளை ஓட்டி, வளைகோட்டின் இரு கைகளும் மேலேறுவதைக் கண்ணால் பாருங்கள். மிகக் குறைந்த இழப்பு நீங்கள் ஓட்டிய வரம்பின் ஓரத்தில் விழுந்தால் அது அடிப்புள்ளி ஆகாது. அந்தப் பக்கம் இன்னும் ஓட்ட வேண்டும்.

‘கணக்கீட்டுக்கு உகந்த’ என்ற தொடரும் இதோடு சேர்ந்தே வரும். இங்கே உகந்தது என்பது பயிற்சிச் செலவை மட்டும் பார்க்கிறது. மாதிரியைக் கோடிக்கணக்கான முறை பயன்படுத்தப் போகிறோம் என்றால், சிறிய மாதிரியை அளவுக்கு மீறிப் படிக்கவைப்பதே மொத்தத்தில் மலிவு. மெட்டா 2024இல் வெளியிட்ட லாமா 3இன் 800 கோடி அளவுரு மாதிரி சுமார் 15 லட்சம் கோடி டோக்கன்களைப் படித்தது. அளவுரு ஒன்றுக்கு இரண்டாயிரத்தை நெருங்குகிறது.

தமிழுக்கு இந்த 20 என்ற எண்ணை அப்படியே எடுத்துவர முடியாது. பைட்டுகளில் தொடங்கும் டோக்கன் பிரிப்பான்களில் தமிழின் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். ஆங்கிலத்துக்காகத் தயாரித்த பிரிப்பான் ஒரு தமிழ்ச் சொல்லையே பல துண்டுகளாக்கிவிடும். அதில் 2,000 கோடி டோக்கன் என்பது தமிழுக்கென்றே பயிற்றுவித்த பிரிப்பானின் 2,000 கோடியைவிட மிகக் குறைந்த உரை. மாறிலிகளைப் புதிதாகப் பொருத்தித்தான் ஆக வேண்டும். D-யை விரும்பிய அளவுக்குக் கூட்டவும் நம்மால் முடியாது, எழுதப்பட்ட உரை அவ்வளவுதான் இருக்கிறது. ஒரே தரவைத் திரும்பப் படிக்கவைப்பது ஒரு வழி. 2023இல் வந்த ஓர் ஆய்வின்படி, நான்கு முறை வரை திரும்பப் படிப்பது ஏறக்குறைய புதிய தரவுக்கு நிகராகவே பயன் தருகிறது. அதற்கு மேல் போகப் போகப் பயன் தேய்ந்து, ஒரு கட்டத்தில் கூடுதல் கணக்கீடு எதையும் சேர்ப்பதில்லை.