நாள் நிலுவைச் சராசரி

கடன் அட்டைக்கு வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை விளக்கும் விதிமுறைத் தாளில் 'ஆவரேஜ் டெய்லி பேலன்ஸ்' என்ற தொடர் இருக்கும். இதைப் பலர் 'சராசரி தினசரி இருப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். அதில் 'இருப்பு' என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. இருப்பு என்றால் நம் கையில் உள்ள பணம். சேமிப்புக் கணக்குக்கு அது பொருந்தும். அட்டைக் கணக்கில் இருப்பதோ நாம் கட்ட வேண்டிய தொகை.

பேலன்ஸ் என்பதன் வேர் இரண்டு தட்டுகள் என்று பொருள்படும் லத்தீன் சொல். அதாவது, தராசு. வரவையும் செலவையும் இரு தட்டுகளில் வைத்து, எஞ்சும் வேறுபாட்டைக் குறிக்க அது கணக்கேட்டுக்கு வந்தது. அந்த வேறுபாடு யாருக்குச் சேர வேண்டியது என்பதைச் சொல் காட்டுவதில்லை. தமிழில் காட்டலாம்: நமக்குரியது இருப்பு, நாம் தர வேண்டியது நிலுவை. 'நில்' என்பதிலிருந்து வந்தது நிலுவை, தீராமல் நிற்பது. சராசரி பாரசீகத்திலிருந்து வந்த சொல். தனித்தமிழ் வேண்டுவோர் மேடுபள்ளத்தைச் சமன் செய்வதைக் குறிக்கும் 'நிரவல்' என்பதை எடுத்துக்கொள்ளலாம். வேரூன்றிவிட்ட சராசரியே எனக்குப் போதும்.

ஆக, 'நாள் நிலுவைச் சராசரி' என்பேன். சொற்கள் நிற்கும் வரிசையே கணக்கின் வரிசையும் ஆகிறது: நாளை எடு, அன்றைய நிலுவையைப் பார், பிறகு சராசரி காண்.

ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அது காட்டும் கணக்குச் சுழற்சி 30 நாட்கள். ஆண்டு வட்டி 36.5 விழுக்காடு, 365 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 0.1 விழுக்காடு. முன்மாதத்திலிருந்து வந்த நிலுவை 20,000. பத்தாம் நாள் 8,000 கட்டப்படுகிறது. இருபத்தோராம் நாள் 6,000க்குப் பொருள் வாங்கப்படுகிறது. முன்நிலுவை முழுதாகத் தீராததால் புதிய கொள்முதலுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே அதுவும் கணக்கில் சேர்கிறது.

முதல் 9 நாட்கள் நிலுவை 20,000, பெருக்கினால் 1,80,000. பத்தாம் நாள் முதல் இருபதாம் நாள் வரை 11 நாட்கள் 12,000, அது 1,32,000. கடைசி 10 நாட்கள் 18,000, அது 1,80,000. மொத்தம் 4,92,000. இதை 30 ஆல் வகுத்தால் 16,400 வருகிறது. நாள் நிலுவைச் சராசரி இதுதான். இதற்கு ஒரு நாள் வட்டி 16.40, முப்பது நாளுக்கு 492.

அறிக்கையின் அடியில் தெரியும் இறுதி நிலுவை, வட்டி சேர்வதற்கு முன், 18,000. பலர் அதற்கு ஒரு மாத வட்டி போட்டுப் பார்த்து, 540 வராமல் 492 வருகிறதே என்று குழம்புகிறார்கள். 16,400 என்பது எந்த ஒரு நாளிலும் நிலுவையாக இருந்ததில்லை. அதனால்தான் தேடினால் அகப்படுவதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அதே 8,000ஐப் பத்தாம் நாளுக்குப் பதில் இருபத்தைந்தாம் நாள் கட்டியிருந்தால்? முதல் 20 நாட்கள் 20,000, அடுத்த 4 நாட்கள் 26,000, கடைசி 6 நாட்கள் 18,000. மொத்தம் 6,12,000, வட்டி 612. இறுதி நிலுவை அதே 18,000தான். 120 கூடியது எப்படி? 8,000 கூடுதலாக 15 நாட்கள் நின்றது. கட்டிய தொகை எவ்வளவு என்பதோடு, அது எந்த நாளில் வந்து சேர்ந்தது என்பதையும் இந்த முறை எண்ணுகிறது. நீங்கள் அனுப்பிய நாளுக்கும் கணக்கில் பதிவான நாளுக்கும் இடைவெளி இருந்தால், பதிவான நாளே கணக்கு.

எல்லா நிறுவனங்களும் இதே போலச் செய்வதில்லை. சிலர் புதிய கொள்முதலைச் சராசரியில் சேர்ப்பதில்லை; அப்படியானால் கடைசி 10 நாட்களும் 12,000 ஆகி, வட்டி 432க்கு இறங்கும். சிலர் ஒவ்வொரு நாளின் வட்டியையும் மறுநாள் நிலுவையில் சேர்த்துவிடுவார்கள்; வட்டி சற்றே ஏறும். எதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது விதிமுறைத் தாளில் இருக்கும்.

உங்கள் அறிக்கையைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. வட்டித் தொகையை நாள் வட்டி வீதத்தால் வகுத்துப் பாருங்கள். இங்கே 492ஐ 0.001 ஆல் வகுத்தால் 4,92,000, அதாவது நாள் நிலுவைகளின் கூட்டுத்தொகை. நீங்கள் கூட்டியதோடு அது ஒத்துப்போகாவிட்டால், ஒவ்வொரு தொகையும் பதிவான தேதியை முதலில் பாருங்கள்.