ரத்தம் கம்மி என்றால் உடனே இரும்பு மாத்திரையா?

கோத்தகிரிப் பக்கம் மருத்துவம் பார்க்கிறேன். "ரத்தம் கம்மிங்க டாக்டர், வருஷக்கணக்கா சத்து மாத்திரை போடறேன், ஏறவே மாட்டேங்குது" என்று யாராவது வந்தால் எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. ஒரு சோதனைகூடப் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடரச் சொன்னவர்மேல்தான் வருகிறது.

கடைசியாக வந்தவர் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்த அம்மா. வயது 52, மாதவிடாய் நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் 8.4, சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன. அதைப் பார்த்து யாரோ எழுதிக்கொடுத்த ஃபெரஸ் அஸ்கார்பேட் என்ற இரும்பு மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போதாததற்கு, எதிர்ப்புச் சக்திக்கென்று இரும்பு கலந்த மல்டிவிட்டமினும் 500 மில்லிகிராம் விட்டமின் சி மாத்திரையும். வயிற்றைத் தொட்டால் மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 1,650, மிக அதிகம். காய்ச்சலிலும் அழற்சியிலும்கூட ஃபெரிட்டின் ஏறும் என்பதால் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்த்தோம். 84 சதவீதம், 45-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை காட்டிக்கொடுத்தது: தலசீமியா இன்டர்மீடியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு.

சோகை என்றாலே இரும்புக் குறைவு என்று யார் சொன்னது? இவருக்கு இரும்பு நிறைய இருக்கிறது, அதை வைத்துச் சரியான ஹீமோகுளோபின் கட்டத்தான் உடம்பால் முடியவில்லை. செங்கல் குவிந்துகிடக்கிறது, கொத்தனார் இல்லை. இன்னும் ஒரு லாரி செங்கல் இறக்கி என்ன பயன்? குடலோ, சோகை என்று எண்ணிக்கொண்டு வழக்கத்தைவிட அதிகமாகவே இரும்பை உறிஞ்சும். "சத்துதானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்" என்பார்கள். போகாது. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியே கிடையாது. கல்லீரல், இதயம், கணையம் என்று போய்ப் படியும். குடல் அளவுக்கு மீறி இரும்பை உறிஞ்சும் பரம்பரை நோயான ஹீமோகுரோமட்டோசிஸிலும் இதே கதைதான். அங்கே சோகை இருக்காது, அசதியும் மூட்டுவலியும் சர்க்கரையும்தான் இருக்கும். அசதிக்குத்தான் டானிக் வாங்குகிறோமே!

விட்டமின் சி குடலில் இரும்பை இன்னும் எளிதாக உள்ளே விடும். ஏற்கெனவே இரும்பு தேங்கிய உடம்பில் அதிக அளவு விட்டமின் சி, சேமிப்பில் கிடப்பதைக் கிளப்பி இதயத்தைப் பாதிக்கவும் கூடும். நெல்லிக்காயும் ஆரஞ்சும் சாப்பிடலாம், பயப்படுவது மாத்திரைக்குத்தான்.

இந்த அம்மாவுக்கு மூன்றையும் நிறுத்தி, இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் தொடங்கினோம். ஹீமோகுரோமட்டோசிஸ் என்றால் ரத்தத்தை எடுத்தே குறைப்போம். ஒருமுறை எடுக்கும் 450 மில்லியில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வெளியேறும். சோகை உள்ளவரிடம் அது ஆகாது.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் என்ற ரத்தக் கோளாறு இருப்பது 1952-லேயே பதிவானது. பரம்பரை ரத்தக் கோளாறுகள் உள்ள மலை இது. சோகைக்கு இரும்பு தொடங்குமுன் ஃபெரிட்டின் பாருங்கள். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா, மாத்திரையைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலைய மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து. வீட்டில் ஒருவருக்குத் தலசீமியாவோ ஹீமோகுரோமட்டோசிஸோ உறுதியானால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிவாருங்கள். போடுகிற மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். "ஏதோ சிவப்பு மாத்திரை" என்றால் எனக்கு என்ன தெரியும்?